ஓ.எஃப்.சி. ஒயர், தங்க முலாம் பின்: பல வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், இரண்டு ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு 4கே டிவி. இவற்றை இணைக்க இரண்டு செட் கேபிள் இருக்கிறது. ஒன்று மைத்துனர் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது: ஆக்சிஜன் இல்லாத செம்பு, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் ஓ.எஃப்.சி., பின்கள் எல்லாம் தங்க முலாம். இன்னொன்று நான் மீட்டர் கணக்கில் வாங்கிய 1.5 ஸ்கொயர் எம்.எம். சாதாரண செம்பு ஒயர், நிக்கல் பூசிய சாதா ஆர்.சி.ஏ. பின். இரண்டையும் மாற்றி மாற்றி வருடக்கணக்கில் ஓட்டியாயிற்று. காதுக்கு வித்தியாசம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் செம்பு. வீட்டு வயரிங்குக்கு வரும் நல்ல மின்செம்பே 99.9 சதவீதம் சுத்தமானது. அதில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். ஓ.எஃப்.சி. என்றால் 99.95 அல்லது அதற்கும் மேல். மின்சாரத்தைக் கடத்துவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 சதவீதம், பல நேரம் அதுவும் இல்லை. ஆக்சிஜனை எடுத்த செம்புக்கு உண்மையான தேவை வேறு இடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் உள்ள சூழலில் சாதாரண செம்பைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவி உண்டாகி, உலோகம் நொறுங்கிவிடும். வெற்றிடக் குழாய், துகள் முடுக்கி மாதிரி சமாச்சாரங்களுக்கு அதனால்தான் அது வேண்டும். டிவிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒயருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் வராது.

அந்த 1 சதவீதம் என் வீட்டில் எவ்வளவு என்று பார்ப்போம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர். போக, வர என்று 10 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் ஒயரில் இதன் மின்தடை சுமார் 0.13 ஓம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும், அலைவரிசைக்குத் தக்கபடி அது 5 ஓம் வரை இறங்கும், 30 ஓம் வரை ஏறும். ஒயர் ஒலியை மாற்றுவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்: 5 ஓம் இருக்கும் இடத்தில் ஒயர் கொஞ்சம் அதிகம் தின்னும், 30 ஓம் இருக்கும் இடத்தில் குறைவாகத் தின்னும். என் ஒயரில் இந்த இரண்டுக்கும் இடையே 0.2 டெசிபல் வருகிறது. அதே கனத்தில் ஓ.எஃப்.சி. போட்டால் இந்த 0.2-இல் மாறுவது 0.002 டெசிபல். எந்தக் காதுக்கும் எட்டாது.

இன்னொரு கணக்கு எனக்கே வேடிக்கையாக இருந்தது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.39 சதவீதம் மாறும். சென்னை மதியத்தில் 34 டிகிரியில் இருக்கும் ஹாலை ஏ.சி. போட்டு 26-க்குக் கொண்டுவந்தால் ஒயரின் தடை 3 சதவீதம் குறைகிறது. ஓ.எஃப்.சி. தருவதைப் போல மூன்று மடங்கு. ஏ.சி. போட்டதும் பாட்டு தெளிவாகிவிட்டது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

காதால் சோதிக்க நான் கண்ட நல்ல வழி இது. ஒரு கேபிளைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக் கேட்டால் நடுவில் ஓரிரு நிமிடம் போய்விடும். அதற்குள் முதலில் கேட்டது மனதில் மங்கிவிடும். அதற்குப் பதிலாக இடது ஸ்பீக்கருக்கு விலை கூடிய கேபிள், வலதுக்குச் சாதாரணக் கேபிள் போட்டு, மோனோவில் பதிவான அறுபதுகளின் பழைய பாட்டு ஒன்றை ஓட்ட வேண்டும். மோனோ என்பதால் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சத்தம் சற்றுக் கூடினால் குரல் அந்தப் பக்கம் நகரும். தொனி மாறினால் நடுவில் நிற்காமல் கலைந்து பரவும். பிறகு கேபிள்களை இடம் மாற்றி மறுபடி கேட்கலாம், ஸ்பீக்கரின் குறையா கேபிளின் குறையா என்பது பிரிந்துவிடும். ஓ.எஃப்.சி.க்கும் சாதாரணத்துக்கும் நடுவே குரல் அசையவே இல்லை. ஆனால் ஒரு பக்கம் 10 மீட்டர் நீளத்துக்கு 0.5 ஸ்கொயர் மெல்லிய ஒயரைப் போட்டபோது குரல் லேசாக மறுபக்கம் சாய்ந்தது. கணக்கிலும் அப்படித்தான்: அந்த ஒயரின் தடை 0.78 ஓம், மேலே சொன்ன ஏற்ற இறக்கம் 1 டெசிபலுக்கு வந்துவிடுகிறது. கேட்கும் விஷயம் கனமும் நீளமும்தான். எந்த வகைச் செம்பு என்பது இதில் வரவே இல்லை.

செம்பே இல்லை என்றால் கதை வேறு. சந்தையில் உள்ள உண்மையான ஏமாற்று இதுதான்: அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போட்ட ஒயர், சி.சி.ஏ. என்பார்கள். ஒரு முறை பக்கத்துத் தெரு நண்பர் வாங்கிவந்த 30 மீட்டர் சுருளைத் தூக்கியதுமே சந்தேகம் வந்தது. அந்தத் தடிமனுக்கு எடை இல்லை. அலுமினியம் செம்பைப் போல மூன்றில் ஒரு பங்கு எடைக்கும் குறைவு. சுருளின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து அளந்தோம். மீட்டரின் ஒயர்களுக்கே ஒரு தடை உண்டு, அவற்றை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிட வேண்டும். 1.5 ஸ்கொயர் செம்பு 60 மீட்டருக்கு 0.8 ஓம் அளவில் வர வேண்டும். வந்தது 1.3. பிறகு ஒரே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினோம், உள்ளே வெள்ளை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியே வெள்ளையாக, சுரண்டினால் உள்ளே சிவப்பாக இருந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, பயப்பட வேண்டாம். உள்ளே வெள்ளை என்றால்தான் சி.சி.ஏ. இந்தச் சோதனை 60 சதவீத வித்தியாசத்தை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். ஓ.எஃப்.சி.க்கும் சாதாரணச் செம்புக்கும் உள்ள 1 சதவீதத்தை அதே மீட்டரால் காட்டவே முடியாது.

அப்புறம் தங்கம். செம்பைவிடத் தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செம்பைவிடக் குறைவாகத்தான் கடத்தும். அதன் சிறப்பு ஒன்றே ஒன்று: துரு, களிம்பு பிடிக்காது. கடற்காற்று அடிக்கும் பகுதியில் இருக்கும் எனக்கு அது கொஞ்சம் உதவ வேண்டும், உதவியும் இருக்கிறது. நிக்கல் பின்களில் வருடம் ஒருமுறையாவது மங்கல் படியும். இடது பக்கம் கரகரவென்று ஒலி விட்டு விட்டு வரும், பின்னைப் பிடித்து ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். தங்க முலாம் பின்னில் அந்தக் கரகரப்பு வந்ததில்லை. அதாவது தங்கம் தருவது பராமரிப்பில் ஒரு சௌகரியம். தொடர்பு ஒழுங்காக இருக்கும்போது நிக்கலும் தங்கமும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். காரணம் எளிது: ஆம்பின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓமுக்கு மேல். பின்னில் ஒரு ஓம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தங்க பின் உள்ள கேபிள் ஒன்றும் ஒருநாள் ஒரு பக்கம் செத்துப்போனது. மூடியைத் திருகிக் கழற்றினால், வெளியே பளபளப்பு, உள்ளே ஈயம் வைத்த இடம் சாம்பல் நிறத்தில் மொறமொறவென்று இருந்தது. சூடு போதாமல் ஒட்டிய ஈயம். ஒயரை மெல்ல ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. புதிதாக ஈயம் வைத்ததும் இன்றுவரை பிரச்சினை இல்லை. ஆர்.சி.ஏ. கேபிளில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: உள்ளே ஈயம் விட்டுப்போவது, அல்லது வெளிவளையம் தளர்ந்து சாக்கெட்டைப் பிடிக்காமல் போவது. இரண்டையும் முலாம் தடுக்காது.

புதுக் கேபிள் மாட்டியதும் ஒலி தெளிவானது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை என்பதற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. பழைய பின்னை இழுத்துப் புதியதைச் செருகும்போது ஆம்பின் சாக்கெட்டில் படிந்த களிம்பு உரசித் தேய்ந்துபோகிறது. பழைய கேபிளையே கழற்றி நான்கைந்து முறை செருகி எடுத்திருந்தாலும் அதே தெளிவு வந்திருக்கும். இப்போதெல்லாம் யாராவது கேட்டால் முதலில் இதைச் செய்துபார்க்கத்தான் சொல்கிறேன், ஆம்பை அணைத்துவிட்டு.

ஆப்டிகல் கேபிளிலும் தங்க முலாம் போட்ட முனை விற்கிறார்கள். அதில் போவது வெளிச்சம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படத்துக்கு வருவோம். எச்.டி.எம்.ஐ. கேபிளில் போவது எண்களாக மாற்றிய தகவல். கேபிள் மோசமானால் நிறம் வெளிறுவதோ கறுப்பு சாம்பலாவதோ கிடையாது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் ஓரிரு நொடி கறுப்பாகி வரும், இல்லையென்றால் படமே வராது. என் வீட்டில் பழைய 5 மீட்டர் கேபிள் ஒன்று 1080பி-யில் வருடக்கணக்கில் குறையில்லாமல் ஓடியது. 4கே பெட்டி வந்து, 60 ஃபிரேமில் படம் போட்டதும் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன. 1080பி-க்கு நொடிக்கு சுமார் 4.5 கிகாபிட் போதும். 4கே 60-க்கு 18 கிகாபிட் வரை வேண்டும். அவ்வளவு வேகத்தில் நீளம் கூடக் கூட சிக்னல் தேய்கிறது. ஒயரின் காப்பு உறையில் ஏற்படும் இழப்பு, மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடுவது, ஜோடிக் கம்பிகளின் நீளம் ஒன்றுபோல இல்லாதது எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டும். அந்த 5 மீட்டர் கேபிளின் பின்னும் தங்க முலாம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் வெளியீட்டை 4கே 30-க்கு இறக்கியதும் புள்ளிகள் போய்விட்டன. கேபிளின் வேகம்தான் பிரச்சினை என்பதை உறுதிசெய்ய இதுவே போதும். பெட்டியை டிவி பக்கம் நகர்த்தி, 18 கிகாபிட்டுக்குச் சான்று பெற்ற பிரீமியம் ஹை ஸ்பீட் ரகத்தில் 2 மீட்டர் கேபிள் போட்டேன். அதிலும் சாதாரணச் செம்புதான். 60 ஃபிரேமில் ஒரு புள்ளிகூட வரவில்லை. பெட்டியை நகர்த்த முடியாமல் 10 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியவர்கள், கண்ணாடி இழை உள்ள ஆக்டிவ் எச்.டி.எம்.ஐ. வாங்குவது நல்லது. அதற்குத் திசை உண்டு. டிவி என்று எழுதிய முனையைச் சுவருக்குள் இழுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.