இட்லிப் பொடி திரும்பப் பெறப்படுகிறது: கடைக்காரர்களும் வாங்கியவர்களும் கவனிக்க

எங்கள் மளிகைக் கடையில் விற்ற ஓர் இட்லிப் பொடியின் ஒரு தொகுதியில் நிலக்கடலை கலந்திருந்தும், உறையில் அதைக் குறிப்பிடவில்லை என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால், எங்களுக்கு வந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள். அதில் தொகுதி எண் இல்லை. நிலக்கடலை என்ற சொல்லும் இல்லை. "தர மேம்பாட்டிற்காக" என்று மட்டும் இருந்தது. கொடுத்திருந்த கைபேசி எண் அணைந்தே கிடந்தது. சரக்கு இறக்க வந்தவர் எந்தச் சீட்டும் தராமல் பெட்டிகளைத் தூக்கிச் செல்ல முயன்றார். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு கரண்டிப் பொடியே உயிராபத்தாகலாம் என்னும்போது, காரணத்தை மறைத்த அந்தத் தாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொகுதி எண்ணை விநியோகஸ்தரிடம் போராடி வாங்கி, கல்லாவுக்கு மேலே தமிழில் நாங்களே ஓர் அறிவிப்பு ஒட்டினோம்:

"கீழே எழுதியுள்ள தொகுதி எண் கொண்ட இட்லிப் பொடியில் நிலக்கடலை உள்ளது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதை உண்ண வேண்டாம். உறையின் அடி மடிப்பில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து, பொட்டலத்தைப் பிரித்திருந்தாலும் கடைக்குக் கொண்டுவாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் பணம் திருப்பித் தரப்படும். சாப்பிட்டபின் உதடு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்."

நம் வீடுகளில் பொடியை டப்பாவில் கொட்டியதும் உறையைக் குப்பையில் போட்டுவிடுவோம் என்பதால், பலருக்கு எண்ணைப் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்டவர்கள் அண்மையில் வாங்கிய அந்தப் பொடியைச் சந்தேகத்திற்குரியதாகவே கருதி, டப்பாவோடு கொண்டுவரலாம். அந்தக் கரண்டியையும் டப்பாவையும் நன்றாகக் கழுவிய பிறகே வேறு பொடிக்குப் பயன்படுத்த வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரியில் இருப்பதை மட்டுமல்லாமல், சரமாகத் தொங்கும் சிறு பொட்டலங்களையும் கிடங்கில் உள்ள பெட்டிகளையும் எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனியே வையுங்கள். தொகுதி எண், எண்ணிக்கை, தேதி, வாங்கிச் செல்பவரின் கையொப்பம் ஆகியவை உள்ள சீட்டு இல்லாமல் ஒரு பொட்டலத்தையும் திருப்பித் தராதீர்கள். சீட்டு இல்லாத சரக்குக்கு ஈடு கேட்பதும் கடினம், அது வேறு ஊர்க் கடைக்குப் போய்ச் சேராது என்பதற்கும் உறுதியில்லை. 2017-ஆம் ஆண்டின் உணவு திரும்பப் பெறும் விதிமுறைகளின்படி, தனித் திட்டம் வகுக்கும் கடமை சில்லறை விற்பனை மட்டும் செய்யும் கடைகளுக்கு இல்லை, அது தயாரிப்பாளருடையது. ஆகவே, திரும்பப் பெறும் செலவை உங்கள் தலையில் கட்ட முயன்றால் மறுத்துவிடுங்கள்.

முதலில் உறையில் உள்ள நுகர்வோர் சேவை எண்ணை அழையுங்கள். பதில் இல்லையென்றால், உறையின் ஒளிப்படத்தை வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1800-11-2100 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் திரும்ப வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.