பகலில் அடங்கி இரவில் எழும் பசி: 8 மணி நேர மருந்தா, 12 மணி நேர மருந்தா?

என் மகளுக்கு ஒன்பது வயதில் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடு உறுதியானபோது, மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை மூன்று வடிவங்களில் தரலாம் என்று மருத்துவர் விளக்கினார். ஒன்று ஏறத்தாழ 4 மணி நேரம் வேலை செய்யும் சாதாரண மாத்திரை. இன்னொன்று 8 மணி நேரக் கேப்ஸ்யூல். மூன்றாவது 12 மணி நேரம் வரை நீடிக்கும் மாத்திரை. உள்ளே இருப்பது மூன்றிலும் ஒரே மருந்து. அது உடலுக்குள் வெளிப்படும் வேகம்தான் வேறு. நாங்கள் முதலில் 12 மணி நேர மாத்திரையைத் தேர்ந்தெடுத்தோம், மூன்று மாதத்தில் 8 மணி நேரக் கேப்ஸ்யூலுக்கு மாறினோம். மாறியதற்குக் காரணம் கவனம் அன்று, பசி. ஆகவே இந்த ஒப்பீடு கேப்ஸ்யூலின் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மருந்து பகலில் பசியை ஏன் அடக்குகிறது என்பது புரிந்தால்தான் மூன்று வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். நரம்பணுக்கள் வெளியிடும் டோபமினையும் நாரட்ரினலினையும் மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும் கடத்திகளை மெத்தில்ஃபெனிடேட் அடைத்துவிடுகிறது. அதனால் இவ்விரண்டும் நரம்பணுக்களின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகின்றன. நெற்றிப் பக்கத்து மூளையில் அது கவனத்தைக் கூட்டுகிறது. ஆனால் மருந்து மூளையின் ஒரு பகுதிக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. பசியையும் நிறைவையும் கணக்கிடும் ஹைப்போதலாமஸிலும், உணவின் மேல் ஆசையை எழுப்பும் பகுதிகளிலும் அதே மாற்றம் நிகழ்கிறது. ‘போதும்’ என்ற செய்தி ஓங்கி, ‘சாப்பிடு’ என்ற செய்தி அமுங்கிப்போகிறது. இது தற்செயலான பக்கவிளைவு அன்று. இதே வகை மருந்துகளுள் ஒன்றான ஆம்ஃபெட்டமின் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடல் எடையைக் குறைக்கவே பரவலாகத் தரப்பட்டது.

இரவுப் பசிக்கு வருவோம். மருந்து அமுக்குவது பசி உணர்வை மட்டுமே. உடலின் தேவை கொஞ்சமும் குறைவதில்லை. மதியம் சாப்பிடாத குழந்தையும் ஓடுகிறது, படிக்கிறது, வளர்கிறது. காலியான வயிறு சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் பசியை அறிவித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் மூளை அதற்குச் செவிகொடுக்கும் நிலையில் இல்லை. மாலையில் மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கியதும் பகல் முழுவதும் சேர்ந்த பற்றாக்குறை ஒரே நேரத்தில் உணரப்படுகிறது. அதே வேளையில் உயர்ந்திருந்த டோபமினும் சரிவதால், இனிப்பும் கொழுப்பும் மிகுந்தவற்றைத் தேடும் அவசரமும், பொறுமையின்மையும், அழுகையும் அந்தப் பசியோடு கலந்து வருகின்றன. ஆக, இரவுப் பசி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைப் பகல் பற்றாக்குறை முடிவு செய்கிறது. அது எந்த நேரத்தில் வரும் என்பதை மருந்து இறங்கும் நேரம் முடிவு செய்கிறது. இந்த இரண்டாவதை மட்டும்தான் மருந்தின் வடிவத்தை மாற்றி நம்மால் நகர்த்த முடியும்.

வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8 மணி நேர வடிவமும் 12 மணி நேர வடிவமும் காலையில் ஒருமுறை கொடுத்தால் போதும், பள்ளியில் யாரும் மாத்திரை தர வேண்டியதில்லை. 12 மணி நேர மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. கேப்ஸ்யூலைப் பொதுவாகத் திறந்து, உள்ளே உள்ள மணிகளை மென்மையான உணவின் மேல் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொல்லலாம். கவனத்தைப் பொறுத்தவரை பள்ளி நேரத்தில் இரண்டுக்கும் இடையே நாங்கள் வேறுபாடு எதையும் காணவில்லை.

வேறுபாடு மாலையில்தான் தொடங்கியது. 12 மணி நேர மாத்திரையில் மருந்தின் 22 விழுக்காடு மேற்பூச்சில் இருந்து உடனே கரைகிறது. மீதி உள்ளிருந்து மெல்லப் பிதுக்கப்பட்டு, இரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போய், 6 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. என் மகள் காலை 7.30 மணிக்கு 18 மி.கி. மாத்திரையை விழுங்கினால், உச்சம் பிற்பகல் 1.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் இடையில் எங்கோ விழும். இரவு 7 மணிக்கு நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்காரும்போதும் மருந்தின் பிடி விட்டிருக்காது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். சரியாக 9.30 மணிக்கு, படுக்கையில் இருந்து எழுந்து வந்து, “அம்மா, ரொம்பப் பசிக்குது” என்று நிற்பாள். அப்போது அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் சாப்பிட்டதே தவறு என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டதுதான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. வயிறு நிரம்பப் படுத்ததால் தூக்கம் 10.30 மணிக்கு மேல் போனது. மறுநாள் விழிக்கத் தாமதமானது, எழும்போது பசியும் இல்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று காலை உணவுக்கு முன்பே மாத்திரையைக் கொடுத்தோம். அது வேலை செய்யத் தொடங்கியதும், ஏற்கெனவே இல்லாத காலைப் பசி முற்றாகப் போய்விட்டது. மதிய உணவு பெட்டியிலேயே திரும்பி வந்தது. ஒரு நாளில் மூன்று வேளைச் சாப்பாடு ஒரே வேளையாக, அதுவும் தூங்க வேண்டிய நேரத்தில், சுருங்கிவிட்டது. தொடங்கும்போது 27 கிலோவாக இருந்த எடை மூன்று மாதத்தில் 26 கிலோ 100 கிராம் ஆனது. அந்த வயதில் மூன்று மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏற வேண்டிய இடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. இரவில் அவ்வளவு சாப்பிட்டும் பகலின் இழப்பு ஈடாகவில்லை என்பதை எடை இயந்திரத்தைப் பார்த்துத்தான் உணர்ந்தோம்.

மருத்துவர் மாற்றித் தந்தது 20 மி.கி. கேப்ஸ்யூல். அதில் பாதி மணிகள் உடனே கரைபவை, மறுபாதி ஏறத்தாழ 4 மணி நேரம் கழித்துக் கரைபவை. எனவே பகலில் இரண்டு உச்சங்கள் வருகின்றன, மாலை 4 மணிக்கெல்லாம் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. மதிய உணவை இந்த வடிவமும் காப்பாற்றவில்லை, ஏனெனில் இரண்டாவது உச்சம் எழும் நேரம்தான் அவளுடைய உணவு இடைவேளை. ஆனால் 9.30 மணிக்கு வந்த அதே பெரும்பசி இப்போது 4.15 மணிக்கு வந்தது. அதை நாங்கள் சிற்றுண்டி நேரமாகக் கருதாமல், தவறிப்போன மதிய உணவின் நேரமாகவே நடத்தினோம்; முழுச் சாப்பாடு கொடுத்தோம். இரவு 7.30 மணிக்கு மருந்தின் குறுக்கீடு இல்லாமல் இன்னொரு முழு உணவு உள்ளே போனது. 9 மணிக்குத் தூக்கம். காலையில் பசியோடு எழுந்தாள். இப்போது அவள் முதலில் சாப்பிட்டு, பிறகு 7.30 மணிக்குக் கேப்ஸ்யூலை எடுக்கிறாள். அடுத்த மூன்று மாதத்தில் எடை 27 கிலோ 200 கிராமுக்கு வந்தது.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. மாலை 4 மணிக்குப் பிறகு அவளிடம் மருந்து இல்லை. வீட்டுப்பாடம் இழுபறியாகத்தான் நடக்கிறது, யாராவது ஒருவர் அருகில் உட்கார வேண்டியிருக்கிறது. மாலையிலும் பல மணி நேரம் படித்தே ஆக வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அல்லது மாலையில் வாகனம் ஓட்டும் பெரியவருக்கு, 12 மணி நேர மாத்திரையே சரியான தேர்வாக இருக்கக்கூடும். வளர்ச்சி முடிந்த ஒருவருக்கு எடை சிறிது குறைவது அதே பொருளைத் தருவதில்லை. ஆனால் அவர்களுக்கும் இரவில் கட்டுக்கடங்காமல் சாப்பிடும் பழக்கம் ஏற்படலாம். பசி இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து நண்பகலில் சிறிதளவாவது சாப்பிட்டுவிடுவதே அதற்கு எளிய தடுப்பு, ஏனெனில் பற்றாக்குறை சிறியதானால் இரவு எழுச்சியும் சிறியதாகிறது.

4 மணி நேர மாத்திரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலை 7.30 மணிக்கு எடுத்தது நண்பகலுக்குள் இறங்கிவிடுவதால், மதிய உணவை முடித்துவிட்டு அடுத்த மாத்திரையை எடுக்கலாம். மூன்று வடிவங்களில் மதிய உணவை உண்மையில் காப்பாற்றக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் எரிச்சலும் சோர்வும் எட்டிப்பார்க்கும், பள்ளியில் ஒருவர் தவறாமல் மாத்திரை தர வேண்டும். பழைய மருந்துத் தாள்கள் இதை உணவுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பு எடுக்கச் சொல்கின்றன. எடை குறைவது கவலை தரும்போதோ, உணவோடு அல்லது உணவுக்குப் பின் எடுக்கும்படி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. எங்கள் வீட்டில் கேப்ஸ்யூலுக்கும் பலன் தந்தது இரண்டாவது முறையே.

இதே குறைபாட்டுக்குத் தரப்படும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற வேறொரு மருந்தை நாங்கள் பயன்படுத்தியதில்லை, ஆகையால் அனுபவத்தில் இருந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். இரத்தத்தில் மெல்ல டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினாக மாறும் அந்த மருந்து 12 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடியது. ஆகவே இரவு உணவைப் பற்றிய இதே கேள்வியை அங்கும் கேட்டாக வேண்டும்.

வடிவத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன், இரவுப் பசி மருந்தால்தான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. நாங்கள் இரண்டு வாரம் நான்கு விவரங்களைக் குறித்தோம்: மருந்து எடுத்த நேரம், மதியம் எவ்வளவு உண்டாள், முதல் பசி எப்போது வந்தது, எப்போது தூங்கினாள். விடுமுறை நாளில் மருந்தை ஒரு மணி நேரம் தாமதமாகக் கொடுத்தபோது இரவுப் பசியும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. மருத்துவரின் ஒப்புதலோடு மருந்தில்லாமல் விட்ட ஒரு நாளில் மதியமே நன்றாகச் சாப்பிட்டாள், இரவில் எழவில்லை. மருந்தில்லாத நாளிலும் இரவுப் பசி வந்திருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடியிருப்போம். பசி குறைவதோடு குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, பேச்சடங்கிக் கிடந்தால், மருந்தளவே அதிகமாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டை இப்போதும் வைத்திருக்கிறோம். பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அடுத்து வரும் மாதத்தில் அவளுடைய உயரத்தை அளக்கப் போகிறோம். எடை மீண்டதுபோல் உயரமும் தன் வளர்ச்சிக் கோட்டிலேயே செல்கிறதா என்பதைப் பார்த்த பிறகே 8 மணி நேரக் கேப்ஸ்யூலைத் தொடர்வதை உறுதி செய்வோம்.