நாகர்கோவில் பிளம்பருக்குப் பாறசாலையிலிருந்து போன்: கூகுள் விளம்பர ஏஜென்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

நாகர்கோவிலில் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கடைக்கு நேர்ந்தது இது. கூகுள் விளம்பரத்தை ஓர் ஏஜென்சியிடம் விட்டிருந்தார்கள். நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட், செலவாகும் தொகையில் 15 சதவீதம் ஏஜென்சிக்கு. கடைக்காரர் கேட்டது ஒன்றுதான். ஆள் பைக்கில் போய் வரும் தூரம், அதாவது கடையைச் சுற்றி 15 கிலோமீட்டர், அதற்குள் ஓடினால் போதும். போன் நன்றாகவே அடித்தது. ஆனால் கேரளத்தின் பாறசாலையிலிருந்து மலையாளத்தில், வள்ளியூரிலிருந்து, கூடங்குளத்திலிருந்து, இடையிடையே இந்தியிலும். எதற்கும் ஆள் அனுப்ப முடியாது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஏஜென்சி ஒரு ரிப்போர்ட் அனுப்பியது. அதில் இடம் என்ற பகுதியில் ஒரே வரி, நாகர்கோவில். அத்தனை கிளிக்கும் அந்த வரியில்.

அந்த வரி பொய்யில்லை, அதனால்தான் ஏமாந்தார்கள். அது கிளிக் செய்தவர் இருந்த ஊரைக் காட்டுவதில்லை. குறிவைத்த வட்டத்தின் பெயரை மட்டும் காட்டும். வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு வரிதான்.

வட்டம் போடும் இடம் கேம்பெயின் செட்டிங்கில் Locations, அதற்குள் Advanced search, அதற்குள் Radius. எண் போடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அளவைத் தேர்ந்தெடுக்க mi, km என்று இரண்டு இருக்கும். இந்தக் கணக்கில் இருந்தது 25 mi. மைல் என்பதால் அது 40 கிலோமீட்டர். கை தவறி மைலில் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், 15 எப்படி 25 ஆனது?

40 கிலோமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டமோ 1,700 சதுர கிலோமீட்டரைத் தொடாது. வட்டத்தின் தெற்குப் பகுதி கடல், அங்கே யாரும் பிளம்பர் தேடப் போவதில்லை, அதனால் நட்டமும் இல்லை. ஆனால் ஆரத்தை ஏற்றும்போது மேற்கே கேரளத்தவரும் கிழக்கே திருநெல்வேலி மாவட்டத்தவரும் புதிதாக உள்ளே வந்துவிடுகிறார்கள். எல்லையில் நம் பக்கம் இருக்கும் களியக்காவிளை, அதைத் தாண்டிய பாறசாலை, கிழக்கே வள்ளியூர், ராதாபுரம், கூடங்குளம் எல்லாமே நாகர்கோவிலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 30 முதல் 35 கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. கூகுள் அளப்பதும் நேர்கோட்டைத்தான், நம் சாலையை அல்ல. தக்கலை நேர்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், வண்டியில் போனால் அதைவிட அதிகம்.

இந்திக்காரர்கள் போன் செய்ததற்குக் காரணம் வேறு. அதே Locations பகுதியின் அடியில் Location options என்று ஒன்று மடிந்து கிடக்கும். கூகுள் முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது Presence or interest. வட்டத்துக்குள் இருப்பவர், அடிக்கடி வந்து போகிறவர், இவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவருக்கும் விளம்பரம் போகலாம் என்பது அதன் பொருள். வேறு ஊருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். கன்னியாகுமரிக்கு அப்படியில்லை. சூரிய உதயம் பார்க்க டெல்லியிலிருந்து ஹோட்டல் தேடுகிறவரும் இந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்தான். 25 மைல் வட்டத்துக்குள் கன்னியாகுமரி இருக்கிறது. அவர் அங்கே டெல்லியில் தன் வீட்டுக் குழாய்க்கு ஆள் தேடினாலும் உங்கள் விளம்பரம் அவர் திரையில் வர வழி இருக்கிறது. இதைக் கேட்டபோது ஏஜென்சி சொன்ன பதில், "கூகுளே ரெக்கமண்டட்னு போட்டிருக்கு சார்." போட்டிருப்பது உண்மைதான். யாருக்கு நல்லது என்று போடவில்லை. சின்ன வட்டத்தில் 500 ரூபாய் முழுவதும் செலவாகாமல் போகலாம். செலவு குறைந்தால் 15 சதவீதமும் குறையும்.

பிறகு சண்டை போட்டதும் "கேரளாவை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டோம்" என்றார்கள். திறந்து பார்த்தால் விலக்கியிருந்தது Thiruvananthapuram நகரத்தை மட்டும். அது நாகர்கோவிலிலிருந்து நேர்கோட்டிலேயே 60 கிலோமீட்டருக்கு மேல், வட்டத்துக்குள் வரவே வராத ஊர். பாறசாலை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. விலக்குவதானால் Kerala என்று தட்டி, மாநிலமாக வருவதைத் தேர்ந்தெடுத்து Exclude கொடுக்க வேண்டும். குறிவைத்த வட்டமும் விலக்கிய இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் விலக்கியதுதான் செல்லும். அதனால் வட்டம் எல்லையைத் தாண்டினாலும் கவலையில்லை.

உண்மையில் நாகர்கோவிலை மையமாக வைத்து 15 கிலோமீட்டரில் நிறுத்தினால் கேரளம் வட்டத்துக்குள் வராது. விலக்கு கண்டிப்பாக வேண்டியது மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டு டியூஷன் எடுப்பவர்களுக்கு. அங்கே 10 கிலோமீட்டர் போட்டாலே பாறசாலை உள்ளே வந்துவிடும். சமச்சீர் பாடம் எடுப்பவருக்குக் கேரள சிலபஸ் பிள்ளையின் அப்பா போன் செய்து என்ன பயன்?

ஏஜென்சி அனுப்பும் பிடிஎஃப் ஆதாரம் ஆகாது. கணக்கின் Report editor-இல் ஒரு அட்டவணை எடுக்கச் சொல்லுங்கள். City, Region பத்திகளில் User location என்று குறித்திருப்பதை எடுத்து, பக்கத்தில் கிளிக்கையும் செலவையும் வைக்க வேண்டும். Matched என்று குறித்த பத்திகளை எடுத்துக் காட்டினால் ஏற்க வேண்டாம். டெல்லிக்காரர் கன்னியாகுமரியைத் தேடிய கணக்கில் வந்திருந்தால் அதில் கன்னியாகுமரி என்றே விழலாம். User location மட்டும்தான் ஆள் எங்கே இருந்தார் என்று சொல்லும். Region-ஐ வரிசைப்படுத்தி, தமிழ்நாடு அல்லாத வரிகளின் செலவைக் கூட்டினாலே பாதி கதை தெரிந்துவிடும். மீதி வள்ளியூர், கூடங்குளம் வரிகளில் இருக்கும்.

"முதல் நாளிலிருந்தே 15 கிலோமீட்டர்தான்" என்று சாதித்தால் Change history-ஐத் திறக்கச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று இரண்டு வருடம் வரை அங்கே கிடக்கும். இதையெல்லாம் பார்க்கக் கணக்கில் உங்கள் மின்னஞ்சலுக்குக் குறைந்தது பார்க்கும் அனுமதியாவது இருக்க வேண்டும், Admin ஆகவே இருந்தால் நல்லது. நாகர்கோவில் கடையின் கணக்கு ஏஜென்சியின் பெயரில் இருந்தது. பார்க்க மட்டும் அனுமதி வாங்குவதற்கே அடுத்த மாத பில் கட்ட வேண்டியதாயிற்று.

Location options-இல் Presence, அதாவது வட்டத்துக்குள் இருப்பவர், அடிக்கடி வந்து போகிறவர் மட்டும் என்ற தேர்வுக்கு மாற்றினால் இழப்பும் ஒன்று உண்டு. நம் மாவட்டத்தில் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்தே ஊரில் அம்மா வீட்டு மோட்டாருக்கு ஆள் தேடுவார்கள். அவர்களும் போய்விடுவார்கள். அதற்காகப் பழைய தேர்வுக்குத் திரும்ப வேண்டாம். துபாய், மஸ்கட் போன்ற ஊர்களைக் குறிவைத்துத் தனியாக ஒரு சின்ன கேம்பெயின் போட்டு, "நாகர்கோவில் பிளம்பர்" போல ஊர்ப் பெயர் உள்ள சொற்களை மட்டும் exact match-இல், அதாவது அதே பொருளில் தேடினால் மட்டும் விளம்பரம் வரும்படி வையுங்கள். நாளுக்கு ஐம்பது, நூறு ரூபாயில் தொடங்கினால் போதும்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளின் இடக் கணிப்பு ஊகம்தான். களியக்காவிளையில் இருப்பவரின் போன் கேரளத்தில் இருப்பதாகக் கணிக்கப்பட்டால் விலக்கு அவரையும் தடுத்துவிடும். கேரளத்தை விலக்கிய பிறகு களியக்காவிளைப் பக்கத்து அழைப்புகள் சட்டென்று நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.