மாடி அறையில் நடந்த "பைலட் எக்ஸாம்": வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். மகன் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்தவன். பைலட் ஆவதாகச் சொன்னான். வேலூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். "தியரி முழுக்க எங்க பொறுப்பு சார். கம்ப்யூட்டர் நம்பர், எக்ஸாம் புக்கிங், பாஸ், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பது. தம்பி நேரா பறக்கப் போயிடலாம்" என்றார் அங்கிருந்தவர். வியாபாரத்தில் இருபது வருஷம் ஓட்டியவன் நான். இந்தப் பேச்சில் மயங்கினேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு நடத்துவது டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அதற்கு முதலில் கம்ப்யூட்டர் நம்பர் வேண்டும்; தேர்வு எழுதுகிறவருக்கு டிஜிசிஏ கொடுக்கும் அடையாள எண் அது. pariksha.dgca.gov.in தளத்தில் மாணவனே தன் பெயரில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ சான்றிதழ் உண்மையானதுதானா என்று சரிபார்த்த அத்தாட்சியும் கேட்பார்கள். எங்களிடம் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் மட்டும் வாங்கினார்கள். பத்தே நாளில் ஓர் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நம்பர் வந்தாச்சு" என்றார்கள். மகனுக்கு ஒரு மின்னஞ்சலோ ஓடிபியோ வரவில்லை. லாகின் எங்கே என்று கேட்டான். "அது ஆபீஸ்ல இருக்கட்டும், மாத்திட்டா பிளாக் ஆயிடும்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டோம்.

அப்புறம் "சீட் பிளாக்" பணம், தாளுக்குப் பதினைந்தாயிரம். நிஜத்தில் தேர்வு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கச் சில நாள் தருவார்கள். அதற்குள் நம் லாகினில் நுழைந்து, எந்தத் தாள், எந்த ஊர் மையம் என்று தேர்ந்தெடுத்து, கட்டணத்தையும் அங்கேயே ஆன்லைனில் கட்ட வேண்டும். ஹால் டிக்கெட்டும் அதே கணக்கில்தான் வரும். இடையில் ஆள் வைத்து சீட் பிடிக்கிற சங்கதியே கிடையாது. தாளுக்கு டிஜிசிஏ வாங்குவது 2,500 ரூபாய் என்பதை மிகத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

எக்ஸாம் என்று சொல்லி, அவர்களுடைய மாடி அறையிலேயே ஆறு கம்ப்யூட்டர் போட்டு உட்கார வைத்தார்கள். கைரேகை இல்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, பையன்கள் செல்போனை மேசை மேலேயே வைத்திருந்தார்களாம். கேள்வி புரியாதவர்களுக்குப் பாடம் எடுத்தவரே பக்கத்தில் வந்து விளக்கினாராம். மகன் வீட்டுக்கு வந்து, "ரொம்ப ஈஸிப்பா" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது! இரண்டு வாரத்தில் வானிலை, விதிமுறை, நேவிகேஷன், டெக்னிக்கல் என்று நான்கிலும் எண்பதுக்கு மேல் போட்டு, முத்திரை குத்திய தாள் கொடுத்தார்கள். மேலே சிறிய எழுத்தில் "கிரவுண்ட் ஸ்கூல் தேர்ச்சி" என்று இருந்தது. அது அவர்கள் வகுப்பை முடித்ததற்கான காகிதம். டிஜிசிஏ தேர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெளிமாநிலத்தில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்க்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க பரீக்ஷா கணக்கைத் திறந்து ரிசல்ட்டைக் காட்டுங்க" என்றார். காட்ட எங்களிடம் கணக்கே இல்லை. எங்களுக்கு வந்த எண்ணும் போலி.

ஊர் திரும்பியதும் மகனே விண்ணப்பித்தான். பிளஸ் டூ சரிபார்ப்புக்கே அலைந்தோம். எண் கைக்கு வர எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சென்னை மையத்தைத் தேர்ந்தெடுத்து, காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறினோம். வாசலிலேயே அடையாள அட்டையைச் சரிபார்த்து, கைரேகை எடுத்து, செல்போனை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட் பக்கமே விடவில்லை. அந்தக் கெடுபிடியைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு எழுபது வேண்டும். வானிலையும் விதிமுறையும் தேறினான். நேவிகேஷனில் 64, போய்விட்டது. மாடி அறையில் இதே தாளில் 86 போட்டிருந்தார்கள். நல்லவேளை, தேறிய தாள்களைத் திரும்ப எழுத வேண்டாம், தவறியதற்கு மட்டும் மறுபடி விண்ணப்பித்தால் போதும். இப்போது தினமும் ராத்திரி காற்றுத் திசைக் கணக்குகளோடு மல்லுக்கட்டுகிறான்.

எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். இதுவரை நாற்பதாயிரம் திரும்பி வந்திருக்கிறது. அந்த மாடியில் பெயர்ப்பலகை மாறிவிட்டது, ஆறு கம்ப்யூட்டரும் அப்படியே இருக்கின்றன. யாராவது "உங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு" என்று சொன்னால், அங்கேயே உட்கார்ந்து பிள்ளையின் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்கவே இல்லை.