68,400 ரூபாய் போச்சு: யாத்திரை டூருக்குக் கைடாகப் போறவங்க படிங்க

வயித்தெரிச்சல்லதான் எழுதுதேன். நெல்லையில உள்ள ஒரு யாத்திரை ஏஜென்சி எனக்கு 68,400 ரூபாய் தரணும். தரமாட்டேங்கிறாங்க.

நேபாளம் முக்திநாத் டூருக்கு அவங்க கைடாப் போனேன். பொக்கரா சுமார் 820 மீட்டர் உயரம். அங்கிருந்து விமானத்துல ஏறினா அரை மணிக்குள்ள ஜோம்சோம், 2,700 மீட்டருக்கு மேல. அங்க ஒரு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கிட்டுத்தான் 3,700 மீட்டர்ல இருக்கிற சந்நிதிக்கு ஏறணும். பழைய அட்டவணையில அப்படித்தான் இருந்துச்சு. ரூம் செலவு மிச்சம்னு இந்தத் தடவை அந்த ராத்திரியை வெட்டிட்டாங்க. அன்னைக்கே மேல ஏறி, சந்நிதி பக்கத்து ஊரான ராணிபௌவாவுல தங்கினோம்.

ராத்திரி ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அம்மா ஒருத்தருக்குத் தலைவலி, வாந்தி. மலைக்கு வந்தா இதெல்லாம் உண்டுதான். ஆனா அவங்க பேச்சு குழறிச்சு. ஒரு கால் பெருவிரலுக்கு முன்னால அடுத்த கால் குதிகாலை ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்கச் சொன்னேன். ரெண்டாவது அடியிலயே சுவத்துல சாய்ஞ்சுட்டாங்க. நடை தள்ளாடினா மூளையில நீர் கோத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, உடனே கீழ இறக்கணும்.

ஏஜென்சிக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, ஜீப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் மொதல்ல நீங்க குடுத்துருங்க. ரிப்போர்ட்டும் பில்லும் அனுப்புங்க, ரெண்டே நாள்ல போட்டுருதேன்"னாரு முதலாளி. அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நேரம் அது. நம்பினேன். ஜோம்சோம்ல ஆக்சிஜன் வச்சு, அப்புறம் பொக்கரா ஆஸ்பத்திரி. மொத்தம் 1,09,440 நேபாள ரூபாய், நம்ம பணத்துல 68,400. அம்மா பிழைச்சு வீடு வந்து சேந்துட்டாங்க, அது போதும்.

எத்தனை மணிக்குத் தலைவலி, எப்ப வாந்தி, எப்ப இறக்கினோம், யார் கூட இருந்தான்னு ரிப்போர்ட்ல வரிசையா எழுதினேன். ஜோம்சோம் தங்கல் இல்லாம ஒரே நாள்ல ஏறினோம்னும் எழுதினேன்.

அதுக்கப்புறம் சாக்குதான். கணக்குப் பிள்ளை லீவு. பில்லு நேபாளப் பணத்துல இருக்கு. கடைசியில முதலாளியே சொன்னாரு: "அந்த ஜோம்சோம் வரியை எடுத்துருங்க அண்ணாச்சி. அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர்னு போட்டுருங்க, பணம் வந்துரும்." அவங்க பிரஷர் மாத்திரை சாப்பிடுறது நெசம். ஆனா படுக்க வச்சது உயரம், பிரஷர் இல்ல. நான் அப்படி எழுதிக் கொடுத்தா, பழைய நோய்னு சொல்லி அந்த அம்மாவோட இன்சூரன்ஸையும் தட்டிவிட வழியாயிரும். முடியாதுன்னேன். இப்ப போனே எடுக்கிறதில்ல. 68,400 ரூபாய், என் வீட்டு நகையை அடகு வச்ச பணம்.

கைடாப் போறவங்க கேட்டுக்கோங்க. பணம் தர்றோம்னு போன்ல சொன்னா, அப்பவே வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. ரிப்போர்ட்டை அன்னைக்கே நோயாளி வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பிருங்க. அசல் பில்லைக் கையெழுத்து வாங்காம ஏஜென்சிக்குக் கொடுக்காதீங்க. யாத்திரை போறவங்க, அட்டவணையில ஜோம்சோம் ராத்திரி இருக்கான்னு பாத்துட்டு முன்பணம் கட்டுங்க.