கிரேப் மாவு: கிழிவது நின்றது, காத்திருப்பு நிற்கவில்லை

மைதா, முட்டை, பால் கலந்து தோசைபோல மெல்லிசாக வார்க்கும் கிரேப் திருப்பும்போது நடுவில் பிய்ந்துபோகிறது, மாவை இன்னும் எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம் என்று தோழி ஒருத்தி கேட்டாள். கிரேப் பற்றி யார் எது கேட்டாலும் எல்லாரும் சொல்லும் பதில் இந்த ஊறவைப்புதான். எனக்கு அதன் மேல் தீராத எரிச்சல்.

என் அளவு பல வருடமாக மாறவில்லை: 125 கிராம் மைதா, 2 முட்டை, 250 மில்லி பால், உருக்கிய வெண்ணெய் 2 தேக்கரண்டி, கொஞ்சம் உப்பு. கலக்கியதும் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். பசி வந்த பிறகு அந்த அரை மணி நேரம் நகரவே நகராது.

நியாயமாகச் சொன்னால் அந்த நேரம் வீண் இல்லை. மாவு பாலை உறிஞ்சி உப்புகிறது, அடித்ததில் இறுகிய பசைத்தன்மை தளர்கிறது. முக்கியமாக நுரை அடங்குகிறது. மிக்ஸியில் அடித்த மாவை உடனே ஊற்றினால் குமிழிகள் வெந்து ஊசித் துளைகளாகிவிடும், கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கைக்கரண்டியால் மெதுவாகக் கலக்கினால் நுரை குறைவு, அவசரத்துக்குப் பத்து நிமிடம்கூட ஓரளவு போதும். இரவு முழுக்க வைத்தால் மாவு கெட்டியாகிவிடும். காலையில் அடிவரை கலக்கி, கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்வரை பால் விட வேண்டும்.

ஆனால் தோழியின் சிக்கலுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதே 125 கிராம் மாவுக்கு அவள் போட்டது ஒரு முட்டை, ஊற்றியது 400 மில்லி பால். அவ்வளவு மெல்லிய ஏட்டைச் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு வெந்து இறுகும் முட்டைக்கு. அது போதாதபோது ஒரு நாள் ஊறவைத்தாலும் பிய்யத்தான் செய்யும். கெட்டியாக்க வெறும் மைதாவைத் தூவினால் கட்டி தட்டும், கட்டி இருக்கும் இடத்தில் மறுபடி கிழியும். அதனால் இன்னொரு முட்டையை நான்கு மேசைக்கரண்டி மைதாவோடு தனியாகக் கட்டியில்லாமல் அடித்து, பழைய மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்தி, பிறகு எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னேன். நடுவில் பிய்வது நின்றது.

அப்புறம் ஓரம் கிழிந்தது. அது வெறும் அவசரம். மேல்பக்கத்தின் ஈரப் பளபளப்பு போய், ஓரம் லேசாகச் சிவந்து தானாக எழும்ப வேண்டும். தவாவை அசைத்தால் முழு ஏடும் வழுக்க வேண்டும். அதற்கு முன் திருப்பியை நுழைக்கவே கூடாது. வெண்ணெயும் துணியால் துடைத்த அளவுதான், தேங்கினால் மாவு பிடிக்காமல் ஓடும், ஏடு சீராக விழாது.

சரி, முடிவு. இந்த அளவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இப்போதெல்லாம் ஒன்றுகூடக் கிழிவதில்லை. ஆனாலும் காலைச் சாப்பாட்டுக்கு இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முந்தின இரவே மாவு கலக்கி வைக்கிற அளவுக்குப் பொறுப்பானவர்கள் என்னைக் கேட்காமலே செய்துகொள்வார்கள்.