முதல் பெரிய கேக் ஆர்டர்: மீதிப் பணம் முன்னாலா, பின்னாலா?

கோயம்புத்தூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒருவருக்கு, ஒரு நிறுவனத்திடமிருந்து கிறிஸ்துமஸ் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோ பிளம் கேக் 100, டிசம்பர் 22ஆம் தேதி தர வேண்டும். ஒன்று 400 ரூபாய், மொத்தம் 40,000. உலர்பழம், முந்திரி, வெண்ணெய், முட்டை, மாவு, பெட்டி எல்லாம் சேர்த்துக் கேக்குக்கு 190 ரூபாய் செலவாகிறது. ஆக, 19,000 ரூபாய் நம் கையிலிருந்து முதலில் போகிறது. பழம் ஊற வேண்டுமென்பதால் அதில் பெரும்பகுதி நவம்பரிலேயே போய்விடும். எந்தக் கட்டண முறை நமக்கு ஒத்துவரும் என்று பார்க்க, 40,000ஐ விட இந்த 19,000தான் முக்கியமான எண்.

முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்குவது பத்திரமானது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளுக்கு இரண்டு, மூன்று கேக் கேட்பவர்களிடம் தயங்காமல் கேட்கலாம். புதிதாக அறிமுகமானவருக்கு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.

பாதி முன்பணம், பாதி டெலிவரியின்போது என்பதே பலரும் பழகிய முறை. 20,000 கைக்கு வந்தால் பொருட்செலவு அடங்கிவிடும். அந்த வகையில் நல்லது. சிக்கல் மீதிப் பாதியில்தான். ஆர்டர் கொடுப்பவர் மனிதவளப் பிரிவு, பணம் கொடுப்பவர் கணக்குப் பிரிவு. 22ஆம் தேதி 100 பெட்டிகளையும் வரவேற்பறையில் இறக்கி வைத்த பிறகு, "கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருக்கிறார், புத்தாண்டு கழிந்து அனுப்புகிறோம்" என்பார்கள். பெட்டிகளைத் திருப்பி எடுத்து வரவா முடியும்? பெயர் டெலிவரியில் கட்டணம், நடப்பது கடன்.

இதே பாதிக்குப் பாதியில் தேதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். மீதி 20,000 டிசம்பர் 20ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்று வையுங்கள். அன்று கேக்குகள் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கும். பணம் வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்க வழியிருக்கிறது. 25ஆம் தேதிக்குப் பிறகு அதே கேக்கைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அதற்காகவே பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயரை அச்சிடாமல், கழற்றக்கூடிய அட்டையாகக் கட்டுவது நல்லது. முதல் ஆர்டருக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான்.

நான்காவது, 30 நாள் கடன். பில் தேதி டிசம்பர் 22 என்றால் பணம் ஜனவரி 21இல். நவம்பரில் போட்ட பணம் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கும். உத்யம் என்ற சிறுதொழில் அரசுப் பதிவு ஆர்டர் எடுக்கும் முன்பே இருந்தால், குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும்: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள், தாண்டினால் வட்டி. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் தொடக்கத்திலேயே சட்டத்தை நம்பி கடன் கொடுக்க வேண்டாம். நிறுவனம் விடாப்பிடியாகக் கேட்டால் 50 சதவீதம் முன்பணம், 30 சதவீதம் 20ஆம் தேதி, கடைசி 20 சதவீதம் மட்டும் 15 நாளில் என்று இறங்கி வரலாம். அப்போது வெளியே நிற்பது 8,000 ரூபாய்தான். அது வராமலே போனாலும் போட்ட முதலுக்கு மோசமில்லை.

எந்த முறையானாலும் காகிதங்கள் மூன்று. முதலில் விலைப்புள்ளி; முன்பணம் வந்ததும் ரசீது; பொருள் போகும் நாளில் பில். பில்லில் வரிசை எண், தேதி, வாங்குபவரின் முழுப் பெயரும் முகவரியும், எண்ணிக்கை, விலை, பெற்ற தொகை, மீதி, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது.

நிபந்தனைகளை விலைப்புள்ளியிலேயே எழுதி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிய பிறகு பழம் வாங்கப் போங்கள். இப்படி எழுதலாம்:

"முன்பணம் 20,000 ரூபாய் கிடைத்த பிறகே ஆர்டர் உறுதியாகும். எண்ணிக்கையை டிசம்பர் 10 வரை மாற்றலாம். அதன் பிறகு குறைத்தாலும் 100 கேக்குக்கான தொகையே கணக்கிடப்படும். மீதி 20,000 ரூபாய் டிசம்பர் 20, மாலை 5 மணிக்குள் கணக்கில் வர வேண்டும். டிசம்பர் 10க்குப் பிறகு ரத்து செய்தால் முன்பணம் திருப்பித் தரப்படாது."